புகாருக்கு மருத்துவமனை எழுதும் பதில்

பெனிசிலின் ஒவ்வாமை உள்ள அம்மாவுக்கு ஆம்பிசிலின் ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டதாக மகள் புகார் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகியின் பதில் நடந்ததைச் சொல்லித் தொடங்க வேண்டும்: ‘ஒவ்வாமை புறநோயாளி சீட்டில் இருந்தது, வார்டு மருந்து அட்டையில் ஏறவில்லை. தவறு எங்களுடையது.’ ‘மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்பது மன்னிப்பே அல்ல. அந்த ‘இருந்தால்’ நடந்ததையே சந்தேகிக்கிறது. ஊசி போட்ட செவிலியரைக் கைகாட்டுவதும் விளக்கமாகாது. சீட்டையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்க யாரையும் நியமிக்கவில்லை என்பதே விசாரணையின் முடிவு. எனவே திருத்தமும் அங்கேதான்: சேர்க்கும்போதே சிவப்புக் கைப்பட்டை, ஒவ்வோர் ஊசிக்கும் முன் நோயாளியிடம் மறுபடி ஒரு கேள்வி. யார் பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து என்பதும் கடிதத்தில் வர வேண்டும். ‘இனி கவனமாக இருப்போம்’ என்று மட்டும் முடியும் கடிதத்தில் திருத்தம் எதுவும் இல்லை.