‘ரூ.900 முதல்...’ - மலையேறி வந்தவரிடம் விலை மாறலாமா?

இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து ஒரு குடும்பம். மே மாத சனிக்கிழமை. இ-பாஸ் எடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளுக்குத் தலை சுற்றி, ஒருவழியாகக் கொடைக்கானல் தாண்டி வட்டக்கானல் வந்து சேர்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்த தங்கும் வீட்டின் விளம்பரம் ‘அறைகள் ரூ.900 முதல்’ என்றது. வாசலில் வந்து கேட்டால், “அந்த ரூம் ஃபுல்லுங்க. மூவாயிரத்துல ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?” என்கிறார் வீட்டுக்காரர்.

வெளியே மூடுபனி. இருட்டப் போகிறது. திரும்பிப் போக முடியாது. மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டு, இரவே ஒற்றை ஸ்டாருடன் ஒரு விமர்சனம் எழுதுகிறார் குடும்பத் தலைவர். ‘ஏமாத்துறாங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை, அடுத்த சீசன் வரை அந்த வீட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர் ஏமாற்றினாரா? அவரைக் கேட்டால், “900 ரூபாய்க்கும் ரூம் இருக்கத்தானே செய்யுது” என்பார். பிரச்னையே அந்த ‘இருக்கத்தானே செய்யுது’வில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ம் தேதி, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் ‘தூண்டில் விளம்பரம்’ பற்றித் தனிப் பகுதியே உண்டு. குறைந்த விலையைக் காட்டி ஆட்களை இழுக்கும் விளம்பரம்தான் அது.

குறைந்த விலையைக் காட்டுவது குற்றமில்லை. ஆனால், அந்த விலைக்கு நிஜமாகவே விற்பதற்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் வருவார்கள் என எதிர்பார்க்கலாமோ, அதற்கு ஈடாகச் சரக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால், ‘குறைந்த அளவே உள்ளது’ என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். போர்டு, நோட்டீஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் என எதில் போட்டாலும் இந்த விதி ஒன்றுதான். மீறினால் ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

‘நியாயமான வாய்ப்பு’ என்றால் எவ்வளவு? இந்திய விதியில் எண் எதுவும் இல்லை. பிரிட்டனில் ‘முதல்’ என்று போடும் விலைகளுக்கு ஓர் அளவுகோல் பழக்கத்தில் இருக்கிறது. விற்பனைக்கு உள்ளதில் சுமார் 10 சதவீதமாவது அந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பது அது. நம் ஊருக்கு அது சட்டமல்ல. ஆனாலும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள நல்ல கோடு.

நம் உதாரண வீட்டில் 6 அறைகள். வருடத்துக்கு 365 இரவுகள் என்றால், மொத்தம் 2,190 அறை-இரவுகள். 900 ரூபாய் அறை ஒன்றே ஒன்று, மச்சில் இருக்கும் சின்ன அறை. அதுவும் திங்கள் முதல் வியாழன் வரைதான் அந்த விலை. வருடத்தில் அப்படி 208 இரவுகள் வரும். ஏப்ரல், மே சீசனுக்கு 35, பொங்கல், பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு 23 எனக் கழித்தால் மிஞ்சுவது 150. அதாவது 2,190-ல் 150. நூற்றுக்கு ஏழுகூட முழுதாக இல்லை.

அதே வீட்டில் பள்ளத்தாக்கைப் பார்த்த மூன்று அறைகள், அதே 150 இரவுகளில் 1,600 ரூபாய். மூன்றையும் சேர்த்தால் 450 இரவுகள், நூற்றுக்கு இருபது. ஆக, இந்த வீட்டுக்கு நேர்மையான ஆரம்ப விலை 1,600 ரூபாய்தான். மச்சு அறையை மறைக்க வேண்டியதில்லை. ‘சின்ன மச்சு அறை ஒன்று மட்டும், வார நாள்களில் ரூ.900’ என்று தனி வரியாகப் போடலாம். அந்த ‘ஒன்று மட்டும்’ என்ற இரண்டு சொற்கள்தான் வீட்டுக்காரருக்குக் காப்பு.

‘ரூ.900 - ரூ.5,000’ என்று போட்டால்?

குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் சொல்லிவிட்டோமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், படிப்பவரின் கண் முதல் எண்ணில்தான் நிற்கும். தனக்கு எவ்வளவு ஆகும் என்பதும் அவருக்குத் தெரியாது. விலையை ஏற்றுவது எதுவோ அதை வைத்து வரம்பை உடைக்க வேண்டும். வட்டக்கானலில் விலையை ஏற்றுவது நாளும் சீசனும்தான். எனவே இப்படி எழுதலாம்:

‘இருவர் தங்கும் அறை, வரி உட்பட: திங்கள் - வியாழன் ரூ.1,600. வெள்ளி - ஞாயிறு ரூ.2,400. ஏப்ரல், மே, பண்டிகை விடுமுறை நாள்கள் ரூ.3,000.’

எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘தலைக்கு’ என்பதைச் சொல்லாமல் கூடாரத்துக்கு 700 ரூபாய் எனப் போட்டால், நான்கு பேராக வருபவர் 2,800 கேட்கும்போது சண்டைதான். நிபந்தனையை ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் ஒளிப்பதும் உதவாது. நிபந்தனை வரிகள், விலையைச் சொன்ன அதே மொழியில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதே நெறிமுறை.

சொட்டுச் சொட்டாக ஏறும் விலை

1,600 என்று சொல்லி, பில் போடும்போது வரி 80, சுத்தம் செய்ய 200 எனச் சேர்த்து 1,880 வாங்குவது இன்னொரு வகை. 2023 நவம்பர் 30-ல் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ நெறிமுறைகள், ஆன்லைன் விற்பனையில் இப்படிச் செய்வதைத் தடை செய்கின்றன. ஒரு பொருளைக் காட்டி வேறொன்றைத் தள்ளிவிடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

இதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. விருந்தினர் வேண்டாம் என்று சொல்ல முடியாத செலவு எதுவோ, அது முதல் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். கேம்ப் ஃபயர், சாப்பாடு போல வேண்டுமென்றால் மட்டும் எடுப்பவற்றைத் தனியாக எழுதலாம்.

போனில் சொல்லும் பதில்

விளம்பரம் சரியாக இருந்தாலும் போனில் அது தூண்டிலாக மாறிவிடலாம். “அது ஃபுல், மூவாயிரம் ரூம் இருக்கு” என்று நிறுத்தினால் சந்தேகம் வரும். “மச்சு ரூம் இந்த சனிக்கிழமை இல்லைங்க. வர்ற செவ்வாய், புதன் காலியா இருக்கு. இந்த வாரமே வேணும்னா 2,400-ல ரூம் தரலாம்” என்றால், அந்த விலை நிஜம் என்பதைத் தேதியே நிரூபிக்கிறது. அந்த அறை ஒழுகி, மராமத்துக்காக மூடியிருந்தால், திறக்கும் வரை அந்த வரியை போர்டிலிருந்தும் போனிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். முன்பதிவு நோட்டில் 900 ரூபாய்க்குத் தங்கியவர்களின் தேதிகள் இருந்தால், புகார் வரும் நாளில் அதுவே சாட்சி.

தங்கப் போகிறவர்களுக்கு...

மலையேறும் முன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தத் தேதியில், நாங்கள் இத்தனை பேர், எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ பதிலையும் விளம்பரத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சீசனில் விலை கூடுவது மட்டுமே ஏமாற்று ஆகாது. சொன்ன விலைக்கு எந்தத் தேதியிலும் அறை தர மறுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்படி நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம்.

தங்கும் வீடு நடத்துபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 900 ரூபாய் போர்டுக்குப் பதில் சொல்ல, வட்டக்கானலிலிருந்து மலையிறங்கித் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வர நேரலாம். அதைவிட போர்டில் ‘ஒன்று மட்டும், வார நாள்களில்’ என எழுதுவது எளிது.