எட்டிச் செல்லும் அலையும் எல்லைக்குள் நிற்கும் அலையும்

ஓசூரை அடுத்து, தென்பெண்ணையாற்றின் மீது அமைந்துள்ள கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின் சுற்றுவட்டாரம் இருவகை நிலங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதியாகும். ஒருபுறம் ரோஜா வளரும் பசுமைக்குடில்களும் வயல்களும் பரந்திருக்க, ஓசூரை நோக்கிச் செல்லச் செல்லத் தொழிற்பேட்டைகளின் தகரக்கூரைக் கூடங்கள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. இவ்விரு இடங்களிலும் பொருத்தப்படும் வைஃபை ரூட்டர் ஒரே வகையினதாக இருப்பினும், அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஆகிய இரண்டில் எந்தக் கருவியை எதில் இணைப்பது என்ற கேள்விக்கு விடை இடத்துக்கு இடம் மாறுகிறது.

கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடி அதிர்வுகளைக் குறிக்கும் அளவு. அதிர்வு கூடக் கூட அலையின் நீளம் குறையும் என்பதால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டராகவும், 5 கிகாஹெர்ட்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் அலைகளின் நீளம் அதில் பாதிக்கும் குறைவாக, 5 முதல் 6 சென்டிமீட்டர் வரையிலும் அமைகின்றன. முன்னது தூரத்துக்கு, பின்னது வேகத்துக்கு என்று கடைகளில் சொல்லப்படும் விதி பாதி உண்மையே. காரணத்தை அறியாமல் அவ்விதியைக் கைக்கொள்பவர் பெரும்பாலும் தவறான இடத்தில் தவறான அலையைத் தேர்ந்துவிடுகிறார்.

5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்று விழுங்கிவிடுவதால்தான் அது நெடுந்தூரம் போவதில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் வைஃபை எட்டும் தொலைவுகளில் காற்று இரண்டு அலைகளையும் ஏறத்தாழத் தடையின்றியே விடுகிறது. உண்மையான வேறுபாடு அலையைப் பிடிக்கும் ஆன்டெனாவில் இருக்கிறது: கைபேசியிலும் ரூட்டரிலும் உள்ள சிறு ஆன்டெனாக்கள் அலைநீளத்துக்கு ஏற்ற அளவில் செய்யப்படுவதால், அலை குறுகும்போது ஆன்டெனாவும் குறுகி, அது காற்றிலிருந்து அள்ளக்கூடிய ஆற்றலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட்டும் ஈர இலைகளும் குறுகிய அலையைக் கூடுதலாக உறிஞ்சுவதால் இழப்பு மேலும் பெருகுகிறது. தகரமோ இரண்டு அலைகளையும் ஒன்றுபோலவே திருப்பி அனுப்பிவிடுகிறது; தொழிற்கூடங்களில் இந்த உண்மைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

வாகன உதிரிபாகங்களைக் கடைந்து தரும் சிறு தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கூடத்தில் நான்கு சி.என்.சி. எந்திரங்கள், அவற்றுக்கு வரைவுக்கோப்புகளை அனுப்பும் ஒரு கணினி, இரண்டு கண்காணிப்புக் கேமராக்கள், பணியாளர்களின் கைபேசிகள் ஆகியன உள்ளன; இருபக்கமும் அதே போன்ற கூடங்கள் பல இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஒவ்வொரு ரூட்டருக்கும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸும் இடையே சிறிது இடைவெளியும் தேவைப்படுவதால், ஒன்றோடொன்று மோதாத சேனல்களாக வழக்கத்தில் 1, 6, 11 என மூன்றே கொள்ளப்படுகின்றன. நான்காவது கூடத்தின் ரூட்டர் ஏற்கெனவே உள்ள மூவரில் ஒருவரோடு சேனலைப் பகிர்ந்தாக வேண்டும். வைஃபை கருவி ஒவ்வொன்றும் பேசுமுன் காதுகொடுத்துக் கேட்டு, வேறு கருவி பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால், பக்கத்துக் கூடத்தின் அலை கதவு வழியாகவும் சாளரம் வழியாகவும் எட்டிவந்தாலே இந்தக் கூடத்தின் கருவிகள் வாய்மூடி நிற்க வேண்டியதாகிறது. எட்டும் திறன் இங்கே குறையாகவே மாறிவிடுகிறது.

காத்திருப்பு எவ்வளவு என்பதைப் பழைய கருவி ஒன்றைக் கொண்டு கணக்கிடலாம். 1,500 பைட் கொண்ட ஒரு தரவுப் பொட்டலத்தை நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஒரு மில்லிநொடியில் கால் பங்கும் ஆகாது. அதையே தொலைவிலுள்ள பழைய கருவி ஒன்று 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 12 மில்லிநொடி பிடிக்கும், அதுவரை அந்தச் சேனலில் உள்ள அனைவரும் நிற்க வேண்டும். ஆகவே கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் கோப்பு நகராமல் நின்றால், குறை சிக்னலின் வலிமையில் இல்லை, சேனலின் நெரிசலில் இருக்கிறது என்று ஐயுறலாம். விண்டோஸ் கணினியில் பின்வரும் கட்டளையை இட்டால், சுற்றிலும் கேட்கும் ஒவ்வொரு ரூட்டரின் சேனலும் சிக்னல் அளவும் பட்டியலாக வரும்.

```
netsh wlan show networks mode=bssid
```

ஒரே சேனலில் பல பெயர்கள் குவிந்திருந்தால் ஐயம் உறுதிப்படுகிறது. இத்தகைய கூடத்தில் கணினியையும் கேமராக்களையும் கைபேசிகளையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே தக்கது. அப்பகுதியில் சேனல்கள் பல என்பதோடு, தகரச்சுவரைத் தாண்டி அண்டைக்கூடத்துக்குக் கசியும் சிறு பங்கும் விரைவில் வலுவிழப்பதால், ஒவ்வொரு கூடமும் தனக்கென ஓர் அமைதியான அறையைப் பெறுகிறது. எந்திரத்தின் இரும்பு உடல் மறைக்கும் மூலைகளில் இந்த அலை மங்கும் என்பது இதன் விலை. அங்கே ரூட்டரின் ஆற்றலைக் கூட்டிப் பயனில்லை, கூரையருகே இன்னொரு அணுகுமுனையை, அதாவது கம்பி வழியே இணைந்த துணை ரூட்டரை, பொருத்துவதே வழி.

பசுமைக்குடிலில் கணக்கு தலைகீழாகிறது. பாலித்தீன் உறை அலைகளைத் தடுப்பதில்லை; தடுப்பது நீர் தெளிக்கப்பட்ட இலைத்தொகுதியே. அருகில் போட்டியிடும் ரூட்டர்கள் சிலவே, மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பும் உணரி ஒரு முறைக்குச் சில பைட்டுகளே பேசுகிறது, அதற்கு வேகம் தேவையில்லை, எட்டுதல்தான் தேவை. மேலும் இவ்வுணரிகளில் மிகுதியாகப் பயன்படும் மலிவான இ.எஸ்.பி.8266, இ.எஸ்.பி.32 சில்லுகள் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். உணரியை முதன்முறை இணைக்கும்போது கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில செயலிகள் உணரியைக் காணாமல் தோற்றுவிடுவது இதனால்தான். உணரி பழுதென்று திருப்பி அனுப்புமுன், ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்து, கைபேசியையும் அதில் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நீர்த்தேக்கத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர் தூரம் இணைப்புக் கொடுப்பதாயின், குறுகிய அலையே மீண்டும் முன்னுக்கு வருகிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இன்றி வெளிப்புறத்திலும் பயன்படுத்த அனுமதித்த பிறகு இதற்குத் தாராளமான இடம் கிடைத்துள்ளது. இங்கே ஆன்டெனா அலைநீளத்துக்குக் கட்டுப்பட்ட சிறு கம்பியாக இருக்க வேண்டியதில்லை. இரு அலைகளுக்கும் ஒரே அளவுத் தட்டையே பொருத்தலாம், அது இரண்டிலிருந்தும் ஒரே அளவு ஆற்றலை அள்ளும், ஆகையால் முன்பு கண்ட ஐந்து மடங்கு இழப்பு மறைந்துவிடுகிறது. அலை நேர்க்கோடாகப் பாய்வதில்லை, நடுவே பருத்த கதிர்க்கோல் போன்ற ஒரு வெளியை நிரப்பிச் செல்கிறது என்பதும் கருதத்தக்கது. ஒரு கிலோமீட்டர் பாதையின் மையத்தில் அவ்வெளியின் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 5.6 மீட்டராகவும், 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு 3.7 மீட்டராகவும் இருப்பதால், பின்னதற்குக் கம்பத்தின் உயரம் குறைவாகவே போதும். ஆனால் அந்த வெளிக்குள் கரையோர மரம் ஒன்று வளர்ந்து நுழையுமாயின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பே முதலில் தளரும். கருவி பழுதானது போல ஒரே நாளில் அறுந்துவிடாமல், தளிர் விடும் பருவத்தில் சிக்னல் சிறிது சிறிதாகச் சரிந்து இலையுதிர்வில் ஓரளவு மீள்வதைக் கொண்டு, பழுது கருவியில் இல்லை, மரத்தில் இருக்கிறது என்று அறியலாம்.