அறிவிப்புக் கால ஈட்டுத்தொகை: ராஜினாமாவுக்கு முன் எழுத்தில் கணக்குக் கேட்பது

இந்தியத் தனியார் நிறுவனங்களில் வேலையை விட்டு விலகும் ஊழியர், நியமனக் கடிதத்தில் குறிப்பிட்ட நாட்கள் வரை பணியில் இருந்துவிட்டே போக வேண்டும். இதை அறிவிப்புக் காலம் என்பர். அலுவலகப் பேச்சில் 'நோட்டீஸ் பீரியட்'. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் இது 90 நாள். அவ்வளவு நாள் இருக்க முடியாதவர், குறையும் நாட்களுக்கு உரிய சம்பளத்தை நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு முன்கூட்டியே விலகுவதை 'நோட்டீஸ் பை-அவுட்' என்கிறார்கள்.

ஒரே ஊழியர், ஒரே 50 நாள் என்றாலும், கணக்கிடும் முறையைப் பொறுத்து இந்தத் தொகை ஐம்பதாயிரமாகவும் இருக்கலாம், ஒன்றரை லட்சமாகவும் இருக்கலாம். பெரும்பாலோர் ராஜினாமா கொடுத்த பிறகு, இறுதிக் கணக்குத் தீர்க்கும் நாளில்தான் இதை அறிகிறார்கள். அப்போது புதிய நிறுவனத்தில் சேரும் தேதி நெருங்கியிருக்கும், பேரம் பேச இடமிருக்காது. எனவே முடிவெடுக்கும் முன்பே கணக்கை எழுத்தில் பெறுவது நல்லது.

தொகை ஏன் மாறுகிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஊழியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பேசிக் எனப்படும் அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபாய். படிகள் எல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளம் 80,000 ரூபாய். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கும் பணிக்கொடை ஒதுக்கீடும் சேர்ந்த சி.டி.சி. மாதத்துக்கு 90,000 ரூபாய். அவர் ஜூன் 1 அன்று ராஜினாமா கொடுத்தால் 90 நாள் ஆகஸ்ட் 29-இல் முடியும். புதிய நிறுவனமோ ஜூலை 11-இல் சேரச் சொல்கிறது. குறைவது 50 நாள்.

அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 53,333 ரூபாய் வருகிறது. மொத்தச் சம்பளத்தில் அதே கணக்கு 1,33,333 ரூபாய். சி.டி.சி.யில் 1,50,000 ரூபாய். நியமனக் கடிதத்தில் வெறுமனே 'சம்பளம்' என்று மட்டும் இருந்தால், எந்தச் சம்பளம் என்பதுதான் முதல் கேள்வி. சி.டி.சி. என்று பதில் வந்தால் மறுத்துப் பேசலாம். பணிக்கொடை ஒதுக்கீடு போன்றவை மாதாமாதம் கைக்கு வந்த பணமே அல்ல.

இரண்டாவது, வகுக்கும் எண். சில நிறுவனங்கள் மாதத்தை 30 நாளாகவும், சில ஞாயிறுகளை நீக்கி 26 வேலை நாளாகவும் கொள்கின்றன. எதைக் கொண்டாலும் தவறில்லை, ஆனால் பெருக்கும் நாளும் அதே வகையாக இருக்க வேண்டும். 80,000-ஐ 26-ஆல் வகுத்துவிட்டு, ஞாயிறுகளையும் சேர்த்து 50-ஆல் பெருக்கினால் 1,53,846 ரூபாய் வரும். 50 நாளில் ஏழு ஞாயிறுகளைக் கழித்து 43-ஆல் பெருக்கினால் 1,32,308 ரூபாய்தான். 30-ஆல் வகுத்த கணக்குக்கு ஏறத்தாழச் சமம். இரண்டு முறைகளும் கலந்துவிட்டதை இப்படிச் சரிபார்த்தே கண்டுபிடிக்கலாம்.

பலரும் கவனிக்காதது விடுப்பு. மேற்சொன்னவருக்கு ஈட்டிய விடுப்பு 18 நாள் மீதமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அதை அடிப்படைச் சம்பள விகிதத்தில் பணமாக்கினால் 19,200 ரூபாய் கிடைக்கும். அதைக் கழித்து அவர் கட்ட வேண்டியது 1,14,133 ரூபாய். அதே 18 நாளை அறிவிப்புக் காலத்தில் சரிக்கட்டினால் குறைவு 32 நாளாகிவிடும், கட்ட வேண்டியது 85,333 ரூபாய். விடுப்பை விற்பது அடிப்படைச் சம்பளத்தில், நாளை வாங்குவது மொத்தச் சம்பளத்தில் என்பதால்தான் 28,800 ரூபாய் வித்தியாசம் வருகிறது. சரிக்கட்ட அனுமதி உண்டா என்பதை நிறுவன விதியே தீர்மானிக்கிறது; கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

கணக்கில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி தனி வரியாக நின்றால் அதை நீக்கச் சொல்ல வேண்டும். மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178/10/2022 எண் சுற்றறிக்கை, அறிவிப்புக் காலத்துக்காகப் பிடிக்கும் தொகைக்கு இந்த வரி பொருந்தாது என்று விளக்கிவிட்டது. மேலே சொன்ன 1,33,333 ரூபாய்க்கு அது ஏறத்தாழ 24,000 ரூபாய்.

எப்படிக் கேட்பது?

முதலில் நியமனக் கடிதத்தையும், நிறுவனத்தின் உள் தளத்தில் உள்ள விலகல் விதியையும் படித்து, உரிய பிரிவின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பல நேரம் பாதிப் பதில் அங்கேயே இருக்கும். பிறகு மனிதவளப் பிரிவின் பொது முகவரிக்கு ஒரு மின்னஞ்சல். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"என் நியமனக் கடிதத்தின் இன்ன பிரிவு தொடர்பாக விளக்கம் கேட்கிறேன். இது ராஜினாமா கடிதம் அன்று. அறிவிப்புக் காலத்தில் 50 நாள் குறைந்தால் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? எந்தச் சம்பளக் கூறு, எத்தனை நாளால் வகுக்கப்படுகிறது? மீதமுள்ள விடுப்பைச் சரிக்கட்டலாமா? தொகையைச் செலுத்தினால் விடுவிப்பு உறுதியா, மேலாளரின் ஒப்புதலும் தேவையா?"

'ராஜினாமா அன்று' என்ற வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. "விலக நினைக்கிறேன்" என்று தெளிவில்லாமல் எழுதிய மின்னஞ்சலையே ராஜினாமாவாக எடுத்துக்கொண்டு நாளை எண்ணத் தொடங்கிவிட்டால், திரும்பப் பெறுவது நிறுவனத்தின் தயவில் போய் நிற்கும். கடைசிக் கேள்வியும் தொகைக்குக் குறையாதது. பல நியமனக் கடிதங்களில் பை-அவுட் 'நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்றே இருக்கும். பணம் தயாராக இருந்தும் மேலாளர் விடாவிட்டால் விடுவிப்புக் கடிதம் கிடைக்காது; புதிய நிறுவனம் முதலில் கேட்பதே அந்தக் கடிதத்தைத்தான்.

இப்படிக் கேட்டால் விலகப்போகிறோம் என்ற செய்தி மேலாளர் காதுக்குப் போகாதா? போகலாம். எனவே புதிய நிறுவனத்தின் பணி உத்தரவு கைக்கு வந்த பிறகு, அதற்கு ஒப்புதல் தெரிவிக்கும் முன் கேட்பதே பொருத்தமான நேரம். சேர்ப்பு ஊக்கத்தொகை, பயிற்சி ஒப்பந்தம் போன்றவற்றில் திருப்பிக் கட்ட வேண்டியது இருந்தால், அதைத் தனி வரியில் காட்டச் சொல்வது நல்லது. எல்லாம் ஒரே தொகையாகக் கலந்துவிட்டால் சரிபார்க்க முடியாது.

பதில் வராவிட்டால்

"முதலில் தளத்தில் ராஜினாமாவைப் பதிவு செய்யுங்கள், தொகையைக் கணினியே காட்டும்" என்பது வழக்கமான பதில். அப்போது தொகையை விட்டுவிட்டு முறையை மட்டும் கேட்கலாம். சம்பளக் கூறு, வகுக்கும் எண், விடுப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால் கணக்கை நாமே போட்டுவிடலாம். தொலைபேசியில் மட்டும் பதில் சொன்னால், அன்றே "நீங்கள் கூறியபடி மொத்தச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து, விடுப்பைச் சரிக்கட்டி 85,333 ரூபாய் என்று புரிந்துகொண்டேன்; தவறு இருந்தால் திருத்தவும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைச் சொந்த முகவரியிலும் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவன முகவரி கடைசி நாளோடு முடங்கிவிடும். நகல் எடுக்கும்போது நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு விதியை மீறாதபடி, தன் பணி நிபந்தனை தொடர்பான கடிதங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கையில் வந்த கணக்கும் நெடுநாள் நிற்காது. இடையில் சம்பள உயர்வு வந்தால் ஒரு நாள் விகிதமும் கூடும்; விடுப்பு எடுத்தால் சரிக்கட்டும் நாள் குறையும். ஆகவே எந்தத் தேதி நிலவரம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் புதிய நிறுவனத்திடம் தொகையை ஈடுசெய்யக் கேட்க முடியும். பல நிறுவனங்கள் தருகின்றன, ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வருமான வரிக்கு உட்படும் என்பதால் முழுத்தொகையும் கைக்கு வராமல் போகலாம். உச்சவரம்பு எவ்வளவு, எந்த மாதச் சம்பளத்தில் வரும், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்பதை அவர்களிடமும் எழுத்தில் கேட்டபிறகே ராஜினாமா தேதியைக் குறிக்கலாம்.