நோக்கம் தவறினால் விளம்பரம் யாரைத் தேடிச் செல்லும்?

ஒரு காலத்தில் ஆலயத் திருப்பணிக்கோ மாணவர் கல்வி நிதிக்கோ பொதுமக்களின் ஆதரவை நாட வேண்டுமானால், துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் விநியோகித்தோம். நாளிதழில் விளம்பரம் கொடுத்தோம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோகும் வரை, அதில் வெளிவந்த விளம்பரம் அன்றைய இதழை வாங்கிய அனைவர் கண்ணிலும் பட்டது. இன்று அந்தப் பணத்தில் பெரும்பகுதி முகநூல் விளம்பரத்திற்குப் போகிறது. அறப்பணிக்காக அன்பர்கள் அளித்த பணம் அது. ஆகவே அது எவ்வாறு செலவாகிறது என்பதை நன்கொடையாளர்களும் அறிந்திருப்பது நல்லது.

நாளிதழுக்கும் முகநூலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. நாளிதழ் ஒரே விளம்பரத்தை எல்லா வாசகருக்கும் காட்டும். முகநூல் அப்படிக் காட்டுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள இலட்சக்கணக்கானோரில் யாருக்குக் காட்டுவது, யாரை விட்டுவிடுவது என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்திற்கு அடிப்படையாக அமைவது, விளம்பரம் கொடுப்பவர் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் 'நோக்கம்'.

ஆறு நோக்கங்கள்

முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா, Ads Manager என்னும் பக்கத்தில் ஆறு நோக்கங்களை வைத்துள்ளது: Awareness, Traffic, Engagement, Leads, App promotion, Sales. பலருக்கு அறிவிப்பது, இணையப் பக்கத்திற்கு ஆட்களை அனுப்புவது, விருப்பமும் கருத்தும் உரையாடலும் பெறுவது, பெயரும் தொலைபேசி எண்ணும் திரட்டுவது, செயலியைப் பதிவிறக்கச் செய்வது, பணம் செலுத்தச் செய்வது என அவற்றின் பொருளைக் கூறலாம். நோக்கத்தைத் தேர்ந்தெடுத்த பின், அதற்குள் Performance goal என்ற இன்னொரு கேள்வியும் வரும். எந்தச் செயலைக் கூடுதலாகப் பெற்றுத் தர வேண்டும் என்பதற்கான உண்மையான கட்டளை அதுவே.

ஆலயச் செயலவையினர் பலர் இப்பக்கத்திற்கே செல்வதில்லை. பதிவின் அடியில் உள்ள Boost post பொத்தானை அழுத்தி, தொகையைக் கட்டிவிடுகின்றனர். அங்கேயும் ஒரு நோக்கம் தேர்வாகத்தான் செய்கிறது. எது தேர்வானது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

கணினி எப்படித் தேர்வு செய்கிறது?

ஒருவர் முகநூலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று கணினிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. அதிகத் தொகை கேட்பவருக்கே இடம் என்பதல்ல அந்த ஏலத்தின் விதி. விளம்பரதாரர் கேட்கும் விலையை, 'இந்த மனிதர் நாம் கேட்ட செயலைச் செய்வாரா' என்ற கணிப்பால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நோக்கம் புகுவது நடுவில் உள்ள அந்தக் கணிப்பில்தான்.

மூன்று பேரை மனத்தில் கொள்வோம். ஒருவர் கைப்பேசியில் எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கும் இளைஞர். இரண்டாமவர் சாமி படம் போட்ட பதிவுகளுக்கெல்லாம் விருப்பம் தெரிவித்துக் கை கூப்பும் சின்னம் இடும் அம்மையார். மூன்றாமவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் விளம்பரங்களை அரிதாகவே தொடுவார். தொட்டால் முழுவதும் படித்து, மனம் ஒப்பினால் பணம் அனுப்புவார்.

கல்வி நிதிக்கான விளம்பரத்தை Traffic நோக்கத்தில், சுட்டியைத் தட்டுவோரைத் தேடும்படி வெளியிட்டால், கணினி இளைஞரைத் தேடிப் போகும். Engagement நோக்கத்தில், பதிவுக்கு வரவேற்பைக் கேட்டால், அம்மையாரைத் தேடிப் போகும். ஆசிரியருக்கு அந்த விளம்பரம் கண்ணில் படாமலே போகலாம். கணினி இதில் தவறிழைக்கவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது. நாம் மனத்தில் நினைத்தது நன்கொடை என்பதை அறிய அதற்கு வழியில்லை.

நம்மைப் போன்ற அறநிறுவனங்களுக்கு இது கூடுதல் கவலை தரும் செய்தி. ஒருவரின் சமயம் சார்ந்த ஈடுபாட்டைக் குறித்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதிகளை மெட்டா 2022 ஜனவரியில் நீக்கத் தொடங்கியது. ஆகவே பக்தர்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் பட்டியல் இப்போது கிடையாது. யாருக்குக் காட்டுவது என்ற பொறுப்பு முன்னைவிட அதிகமாக விளம்பரத்தின் வாசகத்தின் மீதும் நோக்கத்தின் மீதும் விழுந்துள்ளது.

ஒரு கணக்கு

கிள்ளானில் ஓர் அறக்கட்டளை, மாணவர் கல்வி நிதிக்காக 1,200 ரிங்கிட் விளம்பரத்திற்கு ஒதுக்குவதாகக் கற்பனை செய்வோம். இங்கே வரும் எண்கள் விளக்கத்திற்காக இட்டவை.

Traffic நோக்கத்தில் ஒரு தட்டலுக்கு 30 காசு வீதம் 4,000 தட்டல்கள் கிடைக்கின்றன. அவர்களில் 2,400 பேரே பக்கம் முழுமையாகத் திறக்கும் வரை காத்திருக்கின்றனர். நன்கொடை அளித்தவர் 6 பேர். ஒரு நன்கொடையாளரைப் பெற 200 ரிங்கிட் செலவு. இதே தொகையை Sales நோக்கத்தில், நன்கொடை நிறைவுறுவதை விளைவாகக் குறித்துச் செலவிட்டால், ஒரு தட்டலுக்கு 2 ரிங்கிட் ஆகிறது. தட்டல்கள் 600 மட்டுமே. ஆனால் நன்கொடை அளித்தவர் 24 பேர், ஒருவருக்கு 50 ரிங்கிட் செலவு.

செயலவைக் கூட்டத்தில் முதல் அறிக்கையை வைத்தால் 'நாலாயிரம் பேர் வந்திருக்கிறார்கள்' என்று மகிழ்வர். இரண்டாவதை வைத்தால் 'தட்டலுக்கு இரண்டு வெள்ளியா?' என்று கேட்பர். வங்கிக் கணக்கைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். முகநூல் அறிக்கையில் 'ஒரு விளைவுக்கு ஆன செலவு' என்று காட்டப்படுவது, நாம் தேர்ந்தெடுத்த விளைவுக்கு ஆன செலவே. நோக்கம் தவறாக இருந்தால், அந்த எண் மலிவாக இருப்பது மகிழ்ச்சிக்குரியதன்று.

யூடியூப் நிறுவனமும் இந்தப் பாடத்தைக் கற்றது. எத்தனை பேர் பார்க்கத் தொடங்கினர் என்பதை வைத்துக் காணொளிகளைப் பரிந்துரைத்தபோது, கவர்ச்சியான முகப்புப் படத்தைக் கண்டு தட்டிவிட்டு, உடனே ஏமாந்து திரும்பும் காணொளிகளும் மேலே வந்தன. 2012இல் பார்க்கும் நேரத்தை அளவுகோலாக மாற்றினார்கள். அளவுகோல் மாறியதும் மேலே வரும் காணொளிகளும் மாறின.

சிறிய அறக்கட்டளைக்கு உள்ள தடை

அப்படியானால் எப்போதும் Sales நோக்கத்தையே தேர்ந்தெடுக்கலாமா? இங்கே இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, கணினி கற்றுக்கொள்ள உதாரணங்கள் வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைபெற, ஒரு வாரத்தில் சுமார் 50 விளைவுகள் தேவை என்பது மெட்டா நெடுங்காலமாகக் கூறிவரும் அளவு. மாதத்திற்கு 24 நன்கொடை பெறும் அறக்கட்டளை அதை எட்டாது. திரையில் Learning limited என்ற குறிப்பு தோன்றும். விளம்பரம் ஓடும், ஆனால் கணிப்பு தடுமாறும், செலவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

இரண்டாவது, நம் நாட்டில் பலர் DuitNow QR குறியைப் படம் பிடித்தோ, வங்கிக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டோ பணம் அனுப்புகின்றனர். இணையப் பக்கத்தில் பொருத்தப்படும் Meta Pixel என்ற சிறு நிரலுக்கு, அந்தப் பக்கத்தில் நடப்பதுதான் தெரியும். வங்கிச் செயலிக்குள் நடந்தது தெரியாது. நன்கொடை வந்திருக்கும், ஆனால் யாரிடமிருந்து வந்தது என்பது கணினிக்குத் தெரியாது. தெரியாததைக் கொண்டு அது ஒத்த மனிதர்களைத் தேட முடியாது.

இந்த இரு தடைகளும் உள்ள இடத்தில், நன்கொடைக்கு முந்திய படியைத் தேர்ந்தெடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் அந்தப் படி நன்கொடைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல் அத்தகைய ஒன்று. Engagement நோக்கத்திற்குள், பதிவுக்கான வரவேற்பை விட்டுவிட்டு, உரையாடல்களைப் பெருக்கும் Performance goal ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். நன்கொடையைவிட உரையாடல் அதிகமாகக் கிடைக்கும், கணினியும் அதைக் காணும்.

இதிலும் ஒரு குறை உண்டு. பொத்தானைத் தட்டினால் வணக்கம் தானாக எழுதப்பட்டிருக்கும், அதை அனுப்பினால் போதும். அதோடு நின்றுவிடுபவர்களும் வருவர். ஆகவே தொடர்பில் இருக்கும் தொண்டர் முதல் பதிலிலேயே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'ஐயா, அம்மா, ரசீது யார் பெயரில் வேண்டும்?' 44(6) வரிவிலக்கு பெற்ற அமைப்பாக இருந்தால் இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். இதற்குப் பதிலளித்தவர் எத்தனை பேர், அவர்களில் பணம் அனுப்பியவர் எத்தனை பேர் என்று வாரந்தோறும் குறிப்பேட்டில் எழுதி வந்தால், முகநூல் கூறும் எண்ணும் உண்மையும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெரிந்துவிடும்.

எவ்வாறு கண்டுபிடிப்பது?

நோக்கம் தவறியிருப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. Link clicks என்ற எண்ணுக்கும் Landing page views என்ற எண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், கைதவறித் தட்டுவோரிடமும் காத்திருக்க மனமில்லாதோரிடமும் விளம்பரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கம் மெதுவாகத் திறப்பதும் காரணமாக இருக்கலாம் என்பதால், அதை முதலில் கைப்பேசியில் திறந்து சோதிப்பது நல்லது. வாழ்த்துகள் குவிந்தும் விசாரணை ஒன்றுகூட வராவிட்டால், வரவேற்பைத் தேடச் சொல்லியிருக்கிறோம் என்று பொருள். விளம்பரச் செலவு கூடிய மாதத்திலும் குறைந்த மாதத்திலும் ரசீதுப் புத்தகம் ஒரே அளவில் நின்றால், அந்த விளம்பரம் நன்கொடையாளர்களை எட்டவில்லை என்றே கருத வேண்டும்.

தவறு தெரிந்தபின், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தில் நோக்கத்தை மாற்ற முடியாது. அதை நிறுத்திவிட்டு, சரியான நோக்கத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். தொடங்கியபின் நாள்தோறும் திருத்துவதும் கூடாது. பெரிய திருத்தம் ஒவ்வொன்றும் கணினியை மீண்டும் முதலிலிருந்து கற்க வைக்கும்.

எல்லா விளம்பரமும் நன்கொடையைத் தேட வேண்டியதில்லை. கும்பாபிஷேக நாளையோ, திருவிழாவில் சாலை மூடப்படும் நேரத்தையோ அறிவிப்பதானால், சுற்றுவட்டாரத்தில் உள்ள இயன்றவரை அதிகமானோர் அதைக் காண வேண்டும். அதற்கு Awareness நோக்கமே பொருத்தம். அங்கே தட்டல் குறைவு என்று வருந்த வேண்டியதில்லை. கண்டவர் எத்தனை பேர், எத்தனை முறை என்பதே அளவு.

விளம்பரத்திற்குப் பணம் ஒதுக்கும் செயலவைத் தீர்மானத்தில் இனி ஒரு வரியைச் சேர்க்கலாம்: இவ்விளம்பரத்தைக் கண்டவர் என்ன செய்ய வேண்டும், அதை எந்த ஏட்டில் எண்ணப் போகிறோம்? அந்த வரியைத் தெளிவாக எழுத முடிந்தால், திரையில் உள்ள ஆறு நோக்கங்களில் எதைத் தொடுவது என்பதில் ஐயம் எழாது.