விற்று வாங்கிச் சமன் செய்தால் லாபம் கூடுமா?

கிரிப்டோவில் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கவில்லை, ஃபியூச்சர்ஸ் பக்கம் போகவில்லை. முழுப் பணத்தையும் கட்டி நாணயத்தை நேரடியாக வாங்கி வைத்திருக்கிறார். இதைத்தான் ஸ்பாட் என்கிறார்கள். பிட்காயினில் 50 சதவீதம், ஈத்தரில் 30, மீதி 20 ரூபாயாகவே கணக்கில் கிடக்கிறது. சில மாதங்களில் பிட்காயின் 40 சதவீதம் ஏறுகிறது, ஈத்தர் 10 சதவீதம் இறங்குகிறது. இப்போது பிட்காயின் 70,000, ஈத்தர் 27,000, ரொக்கம் 20,000. மொத்தம் 1,17,000 ரூபாய். பாதியாக இருக்க வேண்டிய பிட்காயின் ஏறக்குறைய 60 சதவீதம் ஆகிவிட்டது.

பழைய விகிதத்துக்குத் திரும்ப வேண்டுமானால் பிட்காயினில் 11,500 ரூபாய்க்கு விற்று, 8,100 ரூபாய்க்கு ஈத்தர் வாங்கி, 3,400 ரூபாயை ரொக்கத்தில் சேர்க்க வேண்டும். ரீபேலன்சிங் என்பது இவ்வளவுதான். ஏறியதை விற்று இறங்கியதை வாங்குகிறோம் என்பதால், இதைத் தொடர்ந்து செய்தாலே கூடுதல் வருமானம் தானாக வரும் என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு.

உண்மையான பாதியை 1960களில் எம்.ஐ.டி.யில் ஓர் உரையில் விளக்கியவர் தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன். ஒவ்வொரு சுற்றிலும் விலை இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று ஒரு பொருளைக் கற்பனை செய்யுங்கள். 10,000 ரூபாயில் பாதியை அதில் போட்டு, பாதியை ரொக்கமாக வைக்கிறோம். விலை இரட்டிப்பானால் 10,000 + 5,000, மொத்தம் 15,000. அதை 7,500, 7,500 என்று பிரிக்கிறோம். அடுத்த சுற்றில் விலை பாதியாகிறது: 3,750 + 7,500, ஆக 11,250. விலை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, நம் பணம் மட்டும் 12.5 சதவீதம் கூடியிருக்கிறது. தொடாமல் விட்டிருந்தால் அதே 10,000தான். முதலில் இறங்கிப் பிறகு ஏறினாலும் இதே 11,250 வரும், போட்டுப் பாருங்கள்.

ஆனால் இரண்டு சுற்றில் நடக்கக்கூடியவை நான்கு. மற்ற இரண்டையும் பார்க்க வேண்டாமா? இரண்டு முறையும் இரட்டிப்பானால், தொடாதவரிடம் 25,000, சமன் செய்தவரிடம் 22,500. இரண்டு முறையும் பாதியானால், தொடாதவரிடம் 6,250, சமன் செய்தவரிடம் 5,625. இறங்கிக்கொண்டே போவதை வாங்கிக்கொண்டே இருந்ததற்கான விலை அது. நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தொடாதவருக்கு 12,812, சமன் செய்தவருக்கு 12,656. சராசரியில் சமன் செய்தவர் ஒரு படி கீழேதான் நிற்கிறார்! அவருக்குக் கிடைத்தது வேறு: அடிக்கடி நடக்கும் நடுத்தர முடிவுகளில் கொஞ்சம் கூடுதல். அதற்கு ஈடாக, விலை ஒரே பக்கமாக ஓடும் இரண்டு முனைகளிலும் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

ஆகவே, விலை ஊஞ்சலாடினால் ஆதாயம், ஒரே திசையில் ஓடினால் இழப்பு. 2020 தொடக்கத்தில் சுமார் 7,200 டாலராக இருந்த பிட்காயின் ஆண்டு முடிவில் 29,000 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டில் மாதாமாதம் விற்று ரொக்கமாக்கியவர் தொடாதவரைவிடப் பின்தங்கித்தான் இருப்பார். ஊஞ்சல் எவ்வளவு பெரிது என்பதும் முக்கியம். பாதி ரொக்கம், பாதி முதலீடு என்றால், ஆண்டு ஏற்ற இறக்கம் 60 சதவீதம் உள்ள பொருளில் தோராயமாக ஆண்டுக்கு 4.5 சதவீதம் ஆதாயத்தைக் கணிதம் தருகிறது. 15 சதவீத ஏற்ற இறக்கம் உள்ள பங்கு ஃபண்டில் அது 0.3 சதவீதம்கூடத் தேறாது. கிரிப்டோக்காரர்கள் இதில் மயங்குவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

அதே கிரிப்டோவில்தான் இந்த முறை மிக மோசமாகக் கவிழவும் செய்கிறது. ஐந்து நாணயங்களில் தலா 10,000 ரூபாய் போட்டிருக்கிறோம், நான்கு அசையவில்லை, ஒன்று மட்டும் ஐந்து முறை பாதிபாதியாகச் சரிகிறது என்று வையுங்கள். தொடாதவரின் 50,000 ரூபாய் 40,300 அளவில் நிற்கும். ஒரு நாணயம் முழுதாகச் செத்தாலும் இழப்பு 10,000 ரூபாயைத் தாண்டாது. ஒவ்வொரு சரிவிலும் சமன் செய்தவரிடம் மிஞ்சுவது 29,500. நல்ல நான்கையும் விற்றுச் சாகிற ஒன்றுக்குத் தீனி போட்டிருக்கிறார். இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்த லூனா, பத்து நாளுக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. விகிதம் விலகியதும் தானாகவே வாங்கும் பாட்டை ஓட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. சமன் செய்வது, திரும்பி வரும் என்று நம்பக் காரணம் உள்ள பொருளுக்கு மட்டுமே பொருந்தும்.

இந்தியாவில் இருப்பவருக்கு இதோடு வரியும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், சேர்த்தால் 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். ரொக்கத்துக்குப் பதில் யு.எஸ்.டி.டி. வைத்திருப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. விற்கும் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். வேறு, பிறகு வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் நம் கையில் இல்லை.

நம் உதாரணத்துக்கு வருவோம். விற்ற 11,500 ரூபாய் பிட்காயினின் வாங்கிய விலை 8,214. லாபம் 3,286, வரி 1,025 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. ஒரே ஒரு முறை விகிதத்தைச் சரிசெய்ததில் மொத்தத் தொகையில் ஏறக்குறைய 0.9 சதவீதம் போய்விட்டது. ஷானனின் சுற்றிலும், ஏறி இறங்கும் பாதையில் 12.5 சதவீதம் என்று பார்த்த ஆதாயம் வரி கட்டிய பின் 8.6 ஆகிவிடும். நிஜச் சந்தையில் ஒரு சுற்றில் விலை இரட்டிப்பாகிப் பாதியாவதும் இல்லை. ஐந்து சதவீத அசைவுக்கெல்லாம் வாராவாரம் விற்று வாங்கினால், வரும் சில்லறை ஆதாயம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாதம் 5,000 ரூபாய் புதிதாகப் போடுகிறவருக்கு விற்காமலே ஒரு வழி இருக்கிறது. பிட்காயின் 70,000 என்பது பாதியாக வேண்டுமானால் மொத்தம் 1,40,000 ஆக வேண்டும். அதாவது இன்னும் 23,000. ஐந்து மாதத் தவணையை ஈத்தருக்கும் ரொக்கத்துக்கும் மட்டும் திருப்பினால், விலைகள் பெரிதாக நகராதவரை, விகிதம் சரியாகிவிடும். விற்பனை இல்லாததால் இப்போது வரியும் இல்லை. விலகல் பத்துப் புள்ளிகளுக்கும் மேலே போய், புதிய பணத்தால் ஈடுகட்ட முடியாது என்றால் மட்டும் விற்கலாம் என்பது என் எண்ணம். அப்படி விற்பதும் லாபத்துக்காக அல்ல. ஒரே நாணயத்தின் வீழ்ச்சியில் தூக்கம் கெடாமல் இருப்பதற்கு. அதற்காக 1,025 ரூபாய் கொடுக்கலாமா என்பது அவரவர் முடிவு.

ஆதாயம் உண்மையிலேயே வந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், கணக்குத் தாளில் ஒரு பத்தியைக் கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும். முதல் நாளில் எத்தனை பிட்காயின், எத்தனை ஈத்தர், எவ்வளவு ரொக்கம் இருந்ததோ, அவற்றை இன்றைய விலையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இடையில் போட்ட புதிய பணத்தை அதே 50, 30, 20 விகிதத்தில் அன்றன்று சேர்க்க வேண்டும். இன்னொரு பத்தியில் இப்போது கையில் இருப்பதன் மதிப்பு. அதிலிருந்து கட்டிய வரியும் கட்டணமும் ஏற்கெனவே கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரியை வேறு வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு அதை மறந்துபோவதால்தான் பல தாள்களில் இரண்டாவது பத்தி பெரிதாகத் தெரிகிறது.