83 லட்சம் புள்ளிகள், இரண்டு தடங்கள்

புதிதாக வாங்கிய 4கே மானிட்டரை லேப்டாப்பின் யூ.எஸ்.பி.-சி ஹப்பில் மாட்டியதும் படம் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் மவுஸை அசைத்தால் அம்பு வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போகும். நீளமான எக்ஸெல் தாளை மேலும் கீழும் உருட்டினால் எழுத்துகள் விட்டுவிட்டு நகரும். சினிமா பார்த்தால் மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியாது. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள்தான் என்பதால், அதைக் காட்ட 30 ஹெர்ட்ஸே ஏறக்குறைய போதும். மானிட்டர் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மானிட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. திரைக்கு நொடிக்கு 60 முறை வரவேண்டிய படம் 30 முறைதான் வந்துகொண்டிருக்கும்.

இதை உறுதிப்படுத்த ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் 11-இல் Settings > System > Display > Advanced display என்ற பக்கத்துக்குப் போய், மேலே வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே இரண்டு வரிகள் தெரியும். Desktop mode என்பது விண்டோஸ் வரைகிற படத்தின் அளவு. Active signal mode என்பது கம்பி வழியாக உண்மையில் போய்ச் சேரும் அளவு. இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். அதில் 3840 × 2160, 30 Hz என்றிருந்து, கீழே உள்ள பட்டியலிலும் 60 இல்லை என்றால், தடை லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. மானிட்டரின் சொந்த மெனுவிலும் தகவல் பக்கம் ஒன்று இருக்கும். அதுவும் உள்ளே வரும் சிக்னலைத்தான் காட்டும் என்பதால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏன் சரியாக 30? சின்னக் கணக்குதான். 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை அனுப்பினால் கிட்டத்தட்ட 12 கிகாபிட் ஆகிறது. படத்துக்குப் படம் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் 12.8. அதையே 30 முறை அனுப்பினால் 6.3 போதும்.

இனி ஹப்பின் பக்கம் பார்ப்போம். யூ.எஸ்.பி.-சி இணைப்பில் வேகமான தடங்கள் நான்குதான். நான்கையும் படத்துக்கே கொடுக்கலாம். ஆனால் மேசையில் கிடக்கும் சாதாரண ஹப்பில் எச்.டி.எம்.ஐ. மட்டுமா இருக்கிறது? வெளி ஹார்ட் டிஸ்க்குக்கான வேகமான யூ.எஸ்.பி. 3 போர்ட்களும் அதில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு தடங்களை ஒதுக்கியபின் படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. ஹார்ட் டிஸ்க் எதையும் செருகாமல் வெறுமனே விட்டாலும் இந்தப் பங்கீடு மாறாது. அது ஹப்பின் அமைப்பிலேயே தீர்மானமான ஒன்று.

அந்த இரண்டு தடங்களில் எவ்வளவு போகும் என்பதை லேப்டாப் முடிவுசெய்கிறது. இன்டெலின் யூ.எச்.டி. 620 கிராபிக்ஸ் கொண்ட லேப்டாப்கள் டிஸ்பிளேபோர்ட் 1.2 தரத்தில் வேலை செய்பவை. அவற்றில் ஒரு தடத்தில் படத்துக்குப் பயன்படுவது 4.32 கிகாபிட். இரண்டுக்கு 8.64. தேவையோ 12.8. ஆகவே 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கியே தீர வேண்டும். இன்டெலின் 11-ஆம் தலைமுறை லேப்டாப்கள் டிஸ்பிளேபோர்ட் 1.4 தரத்துக்கு வந்துவிட்டன. அதே இரண்டு தடங்களில் இப்போது 12.96 போகிறது. மயிரிழையில் 60 ஹெர்ட்ஸ் அடங்கிவிடுகிறது. அலுவலகத்தில் ஒருவருக்கு 60 தரும் அதே ஹப், பக்கத்து மேசைக்காரருக்கு 30 தருவதன் காரணம் இதுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டு, லேப்டாப்பில் டிஸ்பிளேபோர்ட் 1.4 வேண்டும் என்ற நிபந்தனையைப் பொடி எழுத்தில் போடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாப் பழியையும் லேப்டாப்பின் மேல் போடவும் முடியாது. டிஸ்பிளேபோர்ட் சிக்னலை எச்.டி.எம்.ஐ.-யாக மாற்றுவதற்கு ஹப்புக்குள் ஒரு சிப் இருக்கிறது. மலிவான ஹப்களில் அது எச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தோடு நின்றுவிடும். அதன் வழியாகப் படத்துக்குப் போவது 8.16 கிகாபிட்தான். அந்த ஹப்பை எவ்வளவு புதிய லேப்டாப்பில் மாட்டினாலும் 4கே-யில் வழக்கமாக 30-ஐத் தாண்டாது. எனவே யார்மேல் குற்றம் என்று அறிய, ஹப்பைப் புதிய லேப்டாப் ஒன்றில் மாட்டிப் பார்ப்பதுதான் நேர்வழி. அங்கே 60 வந்தால் முதல் லேப்டாப்பின் தடங்கள் போதவில்லை. அங்கேயும் 30 என்றால் ஹப்பின் சிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேபிளைக் கடைசியாகச் சந்தேகிப்பது நல்லது. எச்.டி.எம்.ஐ. 2.0 வரையிலான இணைப்புகளில் கேபிளின் தரத்தை எந்தக் கருவியும் முன்கூட்டிச் சோதிப்பதில்லை. மெனுவில் 60 இருக்கும், தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிடும், அல்லது வெள்ளைப் பொறிகள் சிதறும், அல்லது சில நொடிகளுக்கு ஒருமுறை படம் போய்ப்போய் வரும். இவைதான் வலுவற்ற கேபிளின் அடையாளங்கள். பிரீமியம் ஹை ஸ்பீட் என்ற சான்று பெற்ற கேபிள் 18 கிகாபிட் வரை தாங்கும். 4கே 60-க்கு அது போதும். டிஸ்பிளேபோர்ட் கேபிளின் குணம் வேறு. அதில் இரு முனைகளும் இணைப்பைச் சோதித்துப் பார்த்து, தாங்கவில்லை என்றால் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் கேபிளாலும் 60 கிடைக்காமல் போகலாம்.

ஹப்பின் இரண்டு தடங்கள்தான் சிக்கல் என்று தெரிந்தால், அதிகச் செலவில்லாத வழி ஹப்பைப் படத்திலிருந்து விலக்குவது. ஒரு முனையில் யூ.எஸ்.பி.-சி, மறுமுனையில் டிஸ்பிளேபோர்ட் உள்ள நேரடிக் கேபிள் நான்கு தடங்களையும் எடுத்துக்கொள்ளும். பழைய யூ.எச்.டி. 620 லேப்டாப்பிலும் அப்போது 17.28 கிகாபிட் கிடைப்பதால் 60 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். ஹார்ட் டிஸ்க்கும் கீபோர்டும் இன்னொரு போர்ட்டில் அதே பழைய ஹப்பிலேயே இருக்கலாம். ஆனால் அந்த லேப்டாப்பின் யூ.எஸ்.பி.-சி போர்ட் படம் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாமே அப்படி இருப்பதில்லை. மானிட்டரிலேயே யூ.எஸ்.பி.-சி இருந்தால் அதன் மெனுவையும் திறந்து பார்க்கலாம். டெல் மானிட்டர்கள் பலவற்றில் USB-C Prioritization என்று ஒரு தேர்வு உண்டு. அதை High Resolution பக்கம் மாற்றினால் நான்கு தடங்களும் படத்துக்கு வந்துவிடும். பதிலுக்கு மானிட்டரின் யூ.எஸ்.பி. போர்ட்கள் 480 மெகாபிட்டுக்கு இறங்கும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது போதும், பெரிய கோப்புகளை நகலெடுக்கிறவருக்குத்தான் இழப்பு.

மாற்றியபின் விண்டோஸ் தானாக 60-க்குப் போகாமல் பழைய 30-லேயே நிற்கலாம் என்பதால் பட்டியலில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பக்கத்தில் Color format என்ற வரியையும் ஒருமுறை பார்ப்பது அவசியம். RGB என்றிருந்தால் சரி. YCbCr420 என்றிருந்தால், இடப்பற்றாக்குறையால் நிறத் தகவலைக் கால்பங்காக்கி அந்த 60-ஐக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைத் தட்டிப் பார்த்தால் ஓரங்கள் மங்கிக் கசிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வீடியோவுக்கு அது பரவாயில்லை. நாள் முழுக்க எழுத்துகளைப் படிக்கிறவர் 2560 × 1440, 60 ஹெர்ட்ஸ், RGB என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஏறத்தாழ 5.8 கிகாபிட்தான் தேவை என்பதால் அந்த இரண்டு தடங்களிலேயே அடங்கும். எழுத்து சற்றே மென்மையாகத் தெரியும், ஆனால் அம்பு தத்தாது.