காலமறிந்து பேராணை தெரிதல்

இந்திய அரசமைப்பின் 32ஆம் சட்டப்பிரிவு உச்ச நீதிமன்றத்திற்கும், 226ஆம் சட்டப்பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கும் நீதிப்பேராணை வழங்கும் அதிகாரத்தை அளிக்கின்றன. ஐவகைப் பேராணைகளின் பெயரையும் பொருளையும் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரும் 'பலவுள் தெரிக' வினாவில் தடுமாறுவதுண்டு. வினா பொருளைக் கேட்பதில்லை என்பதே அதற்குக் காரணம். அஃது ஒரு நிகழ்வைச் சொல்லி, பொது அமைப்பு ஒன்றின் மீது எந்தப் பேராணையைப் பெறலாம் என்று கேட்கிறது.

ஐந்தில் இரண்டு எளிதில் பிரிந்துவிடும். ஒருவர் காவலில் அடைபட்டிருந்தால் ஆட்கொணர்வு நீதிப்பேராணை. தகுதியற்ற ஒருவர் பொதுப்பதவியில் அமர்ந்திருந்தால் தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை. எஞ்சிய கட்டளையுறுத்தும் பேராணை, தடையுறுத்தும் பேராணை, ஆவணக்கேட்புப் பேராணை ஆகிய மூன்றுமே குழப்பம் தருவன. இவற்றைப் பிரித்தறிய, அந்தப் பொது அமைப்பு தன் செயலில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பார்த்தல் வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்கிறதா, செய்துகொண்டிருக்கிறதா, செய்து முடித்துவிட்டதா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உணவகம் நடத்த உரிமம் வேண்டி ஒருவர் நகராட்சிக்கு விண்ணப்பிக்கிறார். உரிய ஆவணங்களை இணைத்துக் கட்டணமும் செலுத்திவிட்டார். விண்ணப்பத்தின் மீது 30 நாட்களுக்குள் முடிவெடுத்தல் வேண்டும் என்று விதி கூறுவதாகக் கொள்வோம். ஆறு மாதம் கடந்தும் விடையில்லை. நினைவூட்டுக் கடிதத்திற்கும் பதிலில்லை. இங்கே ரத்து செய்வதற்கு ஆணை எதுவும் பிறக்கவில்லை. தடுத்து நிறுத்துவதற்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை. சட்டம் சுமத்திய கடமை நிறைவேறாமல் கிடக்கிறது. ஆகவே கட்டளையுறுத்தும் பேராணையே விடையாகும். வினாவில் நினைவூட்டுக் கடிதம் இடம்பெற்றிருப்பதும் வீணன்று. கடமையைச் செய்யுமாறு முதலில் அந்த அமைப்பிடமே கோரியிருத்தல் வேண்டும், அது மறுத்தோ வாளாவிருந்தோ இருத்தல் வேண்டும் என்பது இப்பேராணைக்குரிய பொதுவான நெறி.

இதே நிகழ்வில் வினா அமைப்போர் ஒரு பொறி வைப்பதுண்டு. 'உரிமம் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடும்' என்று ஒரு தெரிவும், 'விண்ணப்பத்தைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு ஆணையிடும்' என்று மற்றொரு தெரிவும் தரப்படும். உரிமம் தருவதா, மறுப்பதா என்பது நகராட்சியின் விருப்புரிமைக்கு விடப்பட்டிருந்தால், முடிவெடுக்குமாறு மட்டுமே நீதிமன்றம் பொதுவாகக் கட்டளையிடும். இன்ன முடிவைத்தான் எடுக்க வேண்டும் என்று கூறாது. எனவே இரண்டாவது தெரிவே சரியானது.

இனி நிகழ்வைச் சற்று மாற்றுவோம். விண்ணப்பதாரருக்கு எவ்வித அறிவிப்பும் தராமல், அவர் தரப்பைக் கேட்காமல், நகராட்சி உரிமத்தை மறுத்து எழுத்து வடிவில் ஆணை பிறப்பித்துவிட்டது. இப்போது செயல் முடிந்துவிட்டது. பிழையான ஆணை கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை வரவழைத்து ஆராய்ந்து ஆணையை ரத்து செய்வது ஆவணக்கேட்புப் பேராணை. அதன் தமிழ்ப் பெயரே அதன் பணியைச் சொல்லிவிடுகிறது.

செய்துகொண்டிருக்கும் கட்டத்திற்குரியது தடையுறுத்தும் பேராணை. தன் அதிகார வரம்புக்குள் வராத ஒரு வழக்கைத் தீர்ப்பாயம் விசாரித்துக் கொண்டிருந்தால், விசாரணையை மேற்கொண்டு நடத்தாதே என்று அது தடுக்கும். தீர்ப்பு வந்த பின் இப்பேராணைக்கு வேலையில்லை. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு ஹரி விஷ்ணு காமத் வழக்கில் தெளிவுபடுத்தியது. அரசமைப்பு நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த காமத், முதல் பொதுத்தேர்தலில் ஹோசங்காபாத் மக்களவைத் தொகுதியில் 174 வாக்குகளில் தோற்றார். செல்லாத வாக்குச்சீட்டுகள் எண்ணப்பட்டன என்று அவர் தொடுத்த மனுவைத் தேர்தல் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. அதை எதிர்த்து அவர் பேராணை நாடியபோது, தீர்ப்புரைத்ததோடு தீர்ப்பாயத்தின் பணி முடிந்து அஃது இல்லாமலே போய்விட்டது, இல்லாத அமைப்பிற்கு எவ்வாறு ஆணையிடுவது என்ற தடை எழுப்பப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தின் விடை நுட்பமானது. தடையுறுத்தும் பேராணைக்கு நடந்துகொண்டிருக்கும் விசாரணை தேவை. அது முடிந்துவிட்டால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆவணக்கேட்புப் பேராணையோ தீர்ப்பைத் தாங்கிய ஆவணத்தின் மீது செயற்படுவது. தீர்ப்பாயம் கலைந்தாலும் ஆவணம் இருக்கும் வரை அதனை ரத்து செய்ய இயலும். இந்த வாதத்தில் காமத் வென்றார். ஆவணத்தில் வெளிப்படையான பிழை இருக்கிறது என்று முடிவாகி வழக்கிலும் வென்றார். மேல்முறையீடு போலச் சான்றுகளை மீண்டும் எடைபோட்டுப் பார்ப்பது ஆவணக்கேட்புப் பேராணையின் வேலையன்று என்பதும் இதனால் விளங்கும். 'சான்றுகளைத் தீர்ப்பாயம் நம்பியது தவறு' என்று மட்டும் வினாவில் இருந்தால், ஆவணக்கேட்பு என்று விரைந்து குறித்துவிடலாகாது.

கட்டத்தை அறிந்த பின் அமைப்பின் தன்மையையும் நோக்குதல் வேண்டும். தடையுறுத்தும் பேராணை நீதிமன்றங்களுக்கும், தீர்ப்பாயம் போன்ற பகுதி நீதித்துறை அமைப்புகளுக்கும் உரியது என்பதே பாடநூல் மரபு. சாலை அகலப்படுத்துவதற்காக நகராட்சி ஒரு வீட்டுச் சுவரைச் சட்டத்திற்குப் புறம்பாக இடித்துக் கொண்டிருந்தால், செயல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டு தடையுறுத்தும் பேராணை என்று எழுதுவோர் பலர். இடிப்பது நிர்வாகச் செயல். அங்கே விசாரணை ஏதுமில்லை. அவ்வாறு செய்யாதிருக்குமாறு எதிர்மறையாகக் கட்டளையிடுவதும் கட்டளையுறுத்தும் பேராணையின் எல்லைக்குள் அடங்கும். பொறுமையோடு படிக்காதவர் மதிப்பெண் இழக்கும் இடம் பெரும்பாலும் இதுவே என்பது எம் கருத்து.

ஆவணக்கேட்புப் பேராணையும் ஒரு காலத்தில் இவ்வாறே நீதி வழங்கும் அமைப்புகளுக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்டது. 1969ஆம் ஆண்டின் கிரைபாக் வழக்கு அந்த வேலியைத் தளர்த்தியது. இந்திய வனப்பணிக்கான தேர்வுக் குழுவில், தாமே ஒரு போட்டியாளராக இருந்த அதிகாரி உறுப்பினராக இடம்பெற்றிருந்தார். தேர்வுக் குழுவின் பணி நிர்வாகப் பணி என்ற வாதம் அந்தத் தேர்வைக் காப்பாற்றவில்லை; உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. ஆதலால் உரிமையைப் பாதிக்கும் நிர்வாக ஆணையும் ஆவணக்கேட்பிற்கு உட்படும். பழைய வினாத்தொகுப்புகளில் இதற்கு மாறான விடை அச்சாகியிருப்பதைக் காணலாம், அதனை நம்பற்க.

மீண்டும் உணவகத்திற்கு வருவோம். மறுப்பாணை ரத்தானால் உரிமம் கைக்கு வந்துவிடுமா? வராது. விண்ணப்பம் மீண்டும் நிலுவை என்னும் பழைய நிலைக்கே திரும்பும். அதனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் இரு பேராணைகளையும் இணைத்து 'சர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்' என்ற பெயரில் ஒரே மனுவாகக் கோருவது வழக்கம். ஆணையை ரத்து செய்வது முற்பகுதி. விண்ணப்பதாரரைக் கேட்டுப் புதிதாக முடிவெடுக்குமாறு கட்டளையிடுவது பிற்பகுதி. தேர்வில் இந்த இணைப்பு ஒரு தெரிவாகத் தரப்படாவிடில், வினாவின் இறுதித் தொடரை மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும். 'மறுப்பாணையை நீக்க விரும்புகிறார்' என்றிருந்தால் ஆவணக்கேட்பு. 'விண்ணப்பத்தின் மீது முடிவு பெற விரும்புகிறார்' என்றிருந்து, மறுப்பாணை பற்றிய பேச்சே இல்லையெனில் கட்டளையுறுத்தும் பேராணை.